ஒரு வளையம் மூன்றாகும்போது

காட்மியம் விளக்கை ஒரு மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே வைத்து, அதன் சிவப்பு ஒளியை மட்டும் வடிகட்டி எடுத்து, ஃபாப்ரி–பெரோ எட்டலான் வழியாகப் பார்த்தால் கருப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். மின்காந்தத்தில் மின்னோட்டத்தை மெதுவாகக் கூட்டினால் ஒவ்வொரு வளையமும் முதலில் சற்றுத் தடிக்கும். பிறகு மூன்றாகப் பிரியும். இயற்பியல் முதுகலை மாணவர்கள் பலர் ஆய்வகத்தில் செய்து பார்க்கும் சீமன் விளைவு இதுதான். வளையம் பிரிவதைப் பார்த்துவிட்டு, எட்டலானை ஒரு கருப்புப் பெட்டியாகவே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அந்தப் பெட்டிக்குள் நடப்பதை இந்த ஒரே பரிசோதனையை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

முதலில், எட்டலான் எதற்கு? காட்மியத்தின் சிவப்புக் கோட்டின் அலைநீளம் 643.8 நானோமீட்டர். அதிர்வெண்ணாகச் சொன்னால் ஏறக்குறைய 4,65,600 கிகாஹெர்ட்ஸ். ஒரு டெஸ்லா காந்தப்புலம் இந்தக் கோட்டை இருபுறமும் 14 கிகாஹெர்ட்ஸ்தான் நகர்த்தும். அதாவது முப்பத்து மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஆய்வக மின்காந்தத்தில் சுலபமாகக் கிடைக்கும் 0.6 டெஸ்லாவில் நகர்வு 8.4 கிகாஹெர்ட்ஸ், ஐம்பத்தைந்தாயிரத்தில் ஒரு பங்கு. அங்குலத்துக்கு 15,000 கோடுகள் உள்ள கிரேட்டிங்கில் ஓர் அங்குலம் முழுவதும் ஒளி விழுந்தால்கூட, முதல் வரிசையில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைத்தான் பிரித்துக் காட்ட முடியும். சீமன் பிரிவு அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

எட்டலானோ பார்ப்பதற்கு மிக எளிமையானது. உள்பக்கத்தில் பூச்சு பூசிய இரண்டு கண்ணாடித் தட்டுகள், நடுவே அவற்றை இணையாகப் பிடித்து வைக்கும் இடைவெளித் துண்டு, அவ்வளவே. நம் எட்டலானில் இடைவெளி 3 மில்லிமீட்டர் என்றும், ஒவ்வொரு பூச்சும் தன்மேல் விழும் ஒளியில் 90 சதவீதத்தை எதிரொளிக்கும், மீதி 10 சதவீதத்தை உள்ளே விடும் என்றும் வைத்துக்கொள்வோம். பிரான்சின் மார்சேய் நகரில் சார்ல் ஃபாப்ரியும் ஆல்ஃப்ரெட் பெரோவும் 1890களின் கடைசியில் இதை உருவாக்கினார்கள். அவர்கள் நிறமாலையை நினைத்துத் தொடங்கவில்லை. மின்பொறியை ஆராய்ந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர், இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே உள்ள ஒரு மைக்ரான் அளவு இடைவெளியை எப்படி அளப்பது என்று ஃபாப்ரியிடம் கேட்டார். வெள்ளி பூசிய பரப்புகளுக்கு நடுவே ஒளியைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் எண்ணம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். முதல் தட்டு ஒளியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விடுகிறது. இரண்டாவது தட்டு அதிலும் பத்தில் ஒரு பங்கு. மறுபக்கம் வருவது ஒரு சதவீதம்தானே? அப்படியிருக்க வளையங்கள் ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகின்றன?

செறிவைக் கணக்கிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அலையின் வீச்சைக் கணக்கிட வேண்டும். செறிவு ஒரு சதவீதம் என்றால் வீச்சு பத்தில் ஒரு பங்கு, 0.1. இது நேராகக் கடந்துவரும் முதல் அலை. உள்ளே ஒருமுறை போய்த் திரும்பி இரண்டாவதாக வெளிவரும் அலை, இரண்டு தட்டுகளிலும் ஒவ்வொரு முறை எதிரொளித்திருப்பதால் அதன் வீச்சு 0.1இல் 0.9 பங்கு. அடுத்தது 0.81 பங்கு. இப்படியே குறைந்துகொண்டே போகும் ஒரு தொடர். எல்லா அலைகளும் முகட்டோடு முகடு பொருந்தி வந்தால் கூட்டுத்தொகை 0.1 × (1 + 0.9 + 0.81 + …). அடைப்புக்குள் இருப்பது சரியாகப் பத்து. பெருக்கினால் ஒன்று. வந்த ஒளி முழுவதும் மறுபக்கம் போய்விடுகிறது! முதல் தட்டிலேயே திரும்பிப் போயிருக்க வேண்டிய 90 சதவீதம் எங்கே என்றால், உள்ளிருந்து பின்பக்கமாகக் கசியும் அலைகள் அதற்கு நேர் எதிர்க்கட்டத்தில் சேர்ந்து அதை அழித்துவிடுகின்றன.

முகடுகள் பொருந்த வேண்டுமானால், ஒருமுறை போய்வரும் தூரம் அலைநீளத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும். சாய்ந்து போகும் கதிருக்கு இந்தப் பாதை வேறுபாடு 2d cos θ. இதில் d என்பது இடைவெளி, θ என்பது சாய்வு. ஒரே சாய்வில் வரும் கதிர்களெல்லாம் லென்ஸுக்குப் பின்னால் ஒரே வட்டத்தில் விழுவதால்தான் வளையம். நம் எட்டலானின் நடுவே 6 மில்லிமீட்டர் பாதையில் இந்தச் சிவப்பு அலைகள் சுமார் 9,319 அடங்கும். வெளியே ஒவ்வொரு வளையமாகப் போகப் போக இந்த வரிசை எண் ஒவ்வொன்றாகக் குறையும்.

இனிக் கூர்மை. பொருத்தம் கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் கட்டம் 12 பாகை தவறிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு வரிசை 360 பாகை என்பதால் இது அதில் முப்பதில் ஒரு பங்கு. மைக்கல்சன் கருவியைப்போல இரண்டே அலைகள் சேர்ந்தால் 12 பாகைப் பிசகு ஒரு பொருட்டே அல்ல. வெளிச்சம் 99 சதவீதம் அப்படியே இருக்கும். அதனால்தான் அங்கே பட்டைகள் ஓரம் தெரியாமல் மங்கி மங்கிப் போகின்றன. எட்டலானில் கதை வேறு. இரண்டாவது அலை 12 பாகை பின்தங்கும், மூன்றாவது 24, நான்காவது 36. பதினாறாவது அலை வரும்போது பிசகு 180 பாகை ஆகி, அது முதல் அலைக்கு எதிராகவே நின்றுவிடும். நம் பூச்சுக்குக் கணக்குப் போட்டால் வெளிச்சம் 20 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. 6 பாகையிலேயே பாதி போய்விடும். இரண்டு வளையங்களுக்கு நடுவில் மிஞ்சுவது 0.3 சதவீதத்துக்கும் குறைவு. நாம் பார்க்கும் அந்தக் கருப்பு அதுதான்.

எத்தனை அலைகள் கணிசமான வீச்சோடு சேர்கின்றனவோ, அந்த அளவுக்கு வளையம் மெலியும். இதற்கான எண்தான் ஃபினெஸ். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை, ஒரு வளையத்தின் பாதி உயரத்து அகலத்தால் வகுத்தால் வருவது. எதிரொளிப்புத் திறனை R என்று எழுதினால்,

ஃபினெஸ் = π√R / (1 − R)

R 0.9 ஆனால் ஃபினெஸ் ஏறக்குறைய 30. R 0.5 ஆனால் 4.4 மட்டுமே. பூச்சே இல்லாத வெறும் கண்ணாடியில் எதிரொளிப்பு 4 சதவீதம். அங்கே மிக இருண்ட இடத்திலும் 85 சதவீதம் ஒளி இருக்கும், வளையம் என்று சொல்லவே கூச்சப்பட வேண்டும். இந்தச் சூத்திரத்தில் இடைவெளி d எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுவே.

அடுத்த அளவு, ஃப்ரீ ஸ்பெக்ட்ரல் ரேஞ்ச். ஆய்வகத்தில் எல்லாரும் எஃப்.எஸ்.ஆர். என்பார்கள். ஒளியின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் வளையங்கள் விரிந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் உள் வளையம் அடுத்த வெளி வளையம் இருந்த இடத்துக்கே வந்து நிற்கும். அப்போது படம் தொடக்கத்தில் இருந்த அதே படம். இதற்கு எவ்வளவு அதிர்வெண் மாற வேண்டுமோ அதுவே எஃப்.எஸ்.ஆர்.:

எஃப்.எஸ்.ஆர். = c / 2d

இதில் c ஒளியின் வேகம். 3 மில்லிமீட்டர் இடைவெளிக்கு இது 50 கிகாஹெர்ட்ஸ். எட்டலான் ஒரு முள்ளுக் கடிகாரத்தைப் போன்றது: மணி மூன்று என்று துல்லியமாகச் சொல்லும், பகலா இரவா என்று சொல்லாது. 5 கிகாஹெர்ட்ஸ் நகர்ந்த கோடும் 55 கிகாஹெர்ட்ஸ் நகர்ந்த கோடும் அதன் கண்ணுக்கு ஒன்றே. எதிரொளிப்புத் திறன் இந்தச் சூத்திரத்துக்குள் வரவே இல்லை.

ஆக இரண்டு திருகுகள் தனித்தனியே இருக்கின்றன. பூச்சு ஃபினெஸைத் தீர்மானிக்கிறது, இடைவெளி எஃப்.எஸ்.ஆரைத் தீர்மானிக்கிறது. எட்டலான் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய வித்தியாசம் இவை இரண்டின் வகுத்தல்: 50ஐ 29.8ஆல் வகுத்தால் 1.68 கிகாஹெர்ட்ஸ். இரண்டு லட்சத்து எழுபத்தேழாயிரத்தில் ஒரு பங்கு. கிரேட்டிங்கால் முடியாத 8.4 கிகாஹெர்ட்ஸ் நகர்வு, இதற்குத் தன் வளைய அகலத்தைப்போல ஐந்து மடங்கு.

இடைவெளியை 6 மில்லிமீட்டராக்கினால் வளைய அகலம் 0.84 கிகாஹெர்ட்ஸாகப் பாதியாகும். படத்தில் எல்லாமே மெலிந்து தெரியும். “ஃபினெஸ் கூடிவிட்டது” என்று நோட்டில் எழுதுகிறவர்கள் உண்டு. கூடவில்லை. எஃப்.எஸ்.ஆரும் 25 ஆகப் பாதியாகிவிட்டது. விகிதம் அதே 29.8. கூர்மை கிடைத்தது உண்மைதான், ஆனால் வளையங்களுக்கு நடுவே இருந்த இடத்தை விற்று வாங்கிய கூர்மை. இடத்தை இழக்காமல் கூர்மை வேண்டுமானால் பூச்சில்தான் கைவைக்க வேண்டும்.

இப்போது அளவெடுப்போம். 150 மில்லிமீட்டர் குவியத்தூர லென்ஸ் வைத்தால், உள்ளிருந்து முதல் மூன்று வளையங்களின் ஆரங்கள் கணக்குப்படி 2.18, 3.09, 3.79 மில்லிமீட்டர். வெளியே போகப் போக நெருங்கிக்கொண்டே போகின்றன. ஆரத்தை நேராக எடுத்து விகிதம் போட்டால் தப்பான விடைதான் வரும். ஆரத்தின் வர்க்கத்தை எடுத்தால் சீராகிவிடும்: ஏறக்குறைய 4.7, 9.6, 14.4. ஒவ்வொன்றும் முந்தையதைவிட 4.83 கூடுதல். காரணம், சிறிய சாய்வுகளில் cos θ குறைவது சாய்வின் வர்க்கத்துக்கு ஏற்ப. அடுத்தடுத்த இரு வளையங்களுக்கு நடுவே உள்ள பரப்பளவு எப்போதும் ஒன்றே என்று நினைவில் வைத்துக்கொண்டாலும் சரி. இந்த 4.83 சதுர மில்லிமீட்டர்தான் திரையில் நமக்கு 50 கிகாஹெர்ட்ஸுக்கான அளவுகோல்.

0.6 டெஸ்லாவில் இரண்டாவது வளையம் மூன்றாகிறது. உள் பகுதியின் ஆரம் 2.96, நடுவில் பழைய 3.09, வெளிப் பகுதி 3.22 மில்லிமீட்டர் என்று எதிர்பார்க்கலாம். வர்க்கங்களில் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் சுமார் 1.62; அதில் பாதி 0.81. இதை 4.83ஆல் வகுத்தால் 0.168. எஃப்.எஸ்.ஆரில் 0.168 பங்கு, அதாவது 8.4 கிகாஹெர்ட்ஸ். இதில் லென்ஸின் குவியத்தூரம் தானாகவே கழிந்துபோவது பெரிய வசதி. கேமராவின் படப்புள்ளிகளில் அளந்தாலும் விகிதம் மாறாது. இந்த நகர்வை 4πஆல் பெருக்கிக் காந்தப்புலத்தால் வகுத்தால் எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம், கிலோகிராமுக்கு 1.76 × 10¹¹ கூலும், கைக்கு வந்துவிடும்.

கீழ்ப்பக்கம் ஓர் எல்லை இருக்கிறது. நகர்வு வளைய அகலத்தைவிடச் சிறியதாக இருக்கும்வரை மூன்றும் ஒன்றாகவே தெரியும். எட்டலானின் 1.68 கிகாஹெர்ட்ஸோடு விளக்கின் சொந்த அகலத்தையும் சேர்த்துக்கொண்டால் மொத்தம் 2 கிகாஹெர்ட்ஸ் வரும்; எனவே 0.14 டெஸ்லாவுக்குக் கீழே தடித்த வளையத்தைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்கக் கூடாது. இந்த எல்லை ஃபினெஸ் போட்டது.

மேல்பக்க எல்லையை எஃப்.எஸ்.ஆர். போடுகிறது. புலத்தைக் கூட்டக் கூட்ட ஒரு வளையத்தின் வெளிப் பகுதி, அடுத்த வளையத்தின் உள் பகுதியை நெருங்கும். 1.79 டெஸ்லாவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதற்கு முன்பே 1.19 டெஸ்லாவில் இன்னும் மோசமான ஒன்று நடக்கும்: நகர்வு எஃப்.எஸ்.ஆரில் சரியாக மூன்றில் ஒரு பங்காகி, வர்க்கக் கணக்கில் எல்லா வளையங்களும் சம இடைவெளியில் நின்றுவிடும். படம் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் எந்த மூன்று ஒரு குடும்பம் என்று படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. தப்பான மூன்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஏதோ ஒரு விடை வந்து தொலைக்கும் என்பதுதான் இதில் சங்கடம்.

தப்பிக்க வழிகள் உண்டு. காந்தப்புலத்துக்குக் குறுக்காகப் பார்க்கும்போது நடுப் பகுதியும் ஓரப் பகுதிகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக முனைவாக்கம் பெற்றவை. போலராய்டைச் சுழற்றி நடுப் பகுதியை அணைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். அல்லது புலத்தைச் சுழியத்திலிருந்து சிறுகச் சிறுகக் கூட்டி, ஒரே வளையத்தைக் கண்ணை எடுக்காமல் தொடரலாம். இடைவெளியையே மாற்றிப் பார்ப்பது மூன்றாவது வழி, அதுதான் பழைய வழியும். பெனுவா, ஃபாப்ரி, பெரோ மூவரும் 1906இல் இதே காட்மியம் சிவப்புக் கோட்டைக் கொண்டு மீட்டரை அளந்தபோது, ஒன்றுக்கொன்று இரு மடங்காக நீளும் எட்டலான்களை வரிசையாக ஒப்பிட்டுத்தான் வரிசை எண்ணில் தவறாமல் மேலேறினார்கள். ஒரு மீட்டரில் 15,53,164.13 அலைகள் என்று முடிந்தது அந்தக் கணக்கு.

கணக்கு 29.8 என்று சொல்ல, படத்தில் அளந்தால் பத்தோ பன்னிரண்டோ வந்தால் என்ன செய்வது? ஆய்வகத்தில் இதுதான் வழக்கம், புத்தகத்து எண் வருவதுதான் அபூர்வம்.

முதலில் இணைத்தன்மையைப் பார்க்க வேண்டும். எட்டலான் வழியாகப் பார்த்தபடியே தலையை இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். வளையங்கள் நடுவிலிருந்து விரிந்துகொண்டே வந்தால், போகும் பக்கத்தில் இடைவெளி அதிகம். அந்தப் பக்கத்துத் திருகைத் துளி இறுக்க வேண்டும். சுருங்கினால் நேர்மாறு. மேலும் கீழுமாகவும் இதைச் செய்து, எந்தப் பக்கம் போனாலும் வளையம் அசையாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதன்பிறகும் வளையம் தடித்திருந்தால் தட்டின் சமதளம் சந்தேகத்துக்குரியது. பரப்பு நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே அலைநீளத்தில் நூறில் ஒரு பங்கு வளைந்திருந்தால், ஒளி போய்வரும்போது அது ஐம்பதில் ஒரு பங்காகும். தட்டின் ஒவ்வொரு பகுதியும் வளையத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளி வரைவதால் ஃபினெஸ் 50க்கு மேல் போக வழியில்லை. பூச்சின் 29.8ஓடு இதைச் சேர்த்தால் மொத்தம் சுமார் 26. இருபதில் ஒரு பங்கு வளைவு என்றால் 10ஐத் தாண்டாது. இந்த நிலையில் பூச்சை 99 சதவீதமாக்கினால் சூத்திரம் 312 என்று ஆசை காட்டும்; நூறில் ஒரு பங்கு வளைந்த நல்ல தட்டில்கூடக் கிடைப்பது 49தான். கண்டுபிடிப்பது சுலபம்: எட்டலானுக்கு முன்னால் சிறிய துளையுள்ள அட்டையை வைத்து, தட்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் பயன்படுத்த வேண்டும். வளையம் மெலிந்தால் குற்றவாளி தட்டு.

வளையம் மெல்லிதாக இருந்தும் மிக மங்கலாக இருந்தால் பூச்சு ஒளியை விழுங்குகிறது. பழைய வெள்ளிப் பூச்சு 94 சதவீதம் எதிரொளித்து, 5 சதவீதத்தை உறிஞ்சி, 1 சதவீதத்தைத்தான் விடும். ஒவ்வொரு சுற்றிலும் இந்த உறிஞ்சல் தின்றுகொண்டே இருப்பதால் உச்ச வெளிச்சம் முப்பத்தாறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். ஃபினெஸ் சூத்திரத்தில் இது தெரியாது. இப்போது பல அடுக்கு மின்காப்புப் பூச்சுகள் வந்ததற்கு இந்த உறிஞ்சலே முதல் காரணம்.

தட்டும் பூச்சும் சரியாக இருந்தால் மிஞ்சுவது விளக்கு. சூடான காட்மியம் அணுக்கள் அங்குமிங்கும் ஓடுவதால் டாப்ளர் விளைவு கோட்டைச் சுமார் 0.7 கிகாஹெர்ட்ஸ் அகலமாக்குகிறது. விளக்கின் மின்னோட்டத்தைக் கூட்டி அதிகமாகச் சூடாக்கினால் இன்னும் தடிக்கும். மின்னோட்டத்தைக் குறைத்ததும் வளையம் மெலிந்தால், எட்டலானைத் தொடத் தேவையில்லை. அது உள்ளதை உள்ளபடி காட்டிக்கொண்டிருக்கிறது.